எல்லோரும் வருகிறார்கள், வண்டிக்கு ஆளில்லை

2004 டிசம்பர் கடைசி வாரம், நாகப்பட்டினம். ஆழிப்பேரலை அடித்துச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் லாரிகள் வந்தவண்ணம் இருந்தன. சாலையோரங்களில் பழைய துணிகள் மலை மலையாகக் குவிந்து, மழையிலும் மண்ணிலும் நனைந்து கிடந்தன, எடுப்பாரில்லை. பிரதான சாலையை ஒட்டிய இடங்களுக்கு ஒரே நாளில் பல குழுக்கள் சாப்பாடு கொண்டுவந்தன. உள்ளே தள்ளியிருந்த குடியிருப்புகளில் மக்கள் காத்திருந்தார்கள். மனம் இருந்தது, பொருள் இருந்தது, ஆட்களும் இருந்தார்கள். எந்த ஊருக்கு யார், எதை, எப்போது கொண்டுபோகிறார்கள் என்று எழுதிய ஒரு தாள்தான் இல்லை.

அந்தத் தாளை உருவாக்கும் வேலை 2005 ஜனவரியில் தொடங்கியது. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான ‘சிஃப்ஸ்’, ‘ஸ்நேகா’ முதலான அமைப்புகள் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையம் ஒன்றை நாகப்பட்டினத்தில் நடத்தின. எந்த ஊரில் என்ன தேவை, அங்கே யார் வேலை செய்கிறார்கள், எது இன்னும் எட்டவில்லை என்ற விவரங்களை அது ஊர் ஊராகத் திரட்டியது. உதவ வந்தவர்களிடம் ‘இந்த ஊருக்குப் போங்கள்’ என்று கைகாட்ட ஓர் இடம் கிடைத்தது.

இன்று காவிரிப் படுகையில் தெருவுக்கு ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. மழை வெள்ளத்துக்குச் சாப்பாடு கொடுக்கும் குழு, ஞாயிற்றுக்கிழமை அன்னதானக் குழு, பிடி அரிசி சேர்க்கும் குழு என்று பல வகை. ‘இந்த வாரம் யார் வர்றீங்க?’ என்று ஒருவர் கேட்டால் பத்து நிமிடத்தில் பதில்கள் வந்து குவிகின்றன. அந்தக் குவியலும் நாகப்பட்டினத்துத் துணிக் குவியலும் ஒரே சிக்கலைச் சொல்கின்றன. பதில் வந்ததும் வேலை முடிந்ததாகத் தோன்றிவிடுகிறது. பேச்சைப் பட்டியலாக மாற்றும்போதுதான், ஆளில்லாத வேலை எது என்று தெரிகிறது.

ஒரு வாரம், ஒரு குழு

அந்த மாற்றம் எப்படி நடக்கிறது என்று காட்ட ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். ஆட்களும் உரையாடலும் இந்தக் கட்டுரைக்காக அமைத்தவை. சிக்கல்கள் எல்லாக் குழுக்களிலும் வருபவை. தஞ்சாவூரில் ஒரு தெருக் குழு. தை மாதம். புதன்கிழமை வீடு வீடாக அரிசியும் பருப்பும் சேர்க்கிறார்கள். ஞாயிறு மதியம் 100 பேருக்குச் சாம்பார் சாதம். போனில் பலரும் பேர் போட்டுச் சேமிப்பதில்லை என்பதால், குழுவில் இருப்பவர்கள் ‘மாஸ்டர்’, ‘டீச்சர்’, ‘அத்தை’ என்றே அறியப்படுகிறார்கள்.

திங்கள் இரவு 9.05க்கு மளிகைக்கடை அண்ணன் கேட்கிறார்: “இந்த வாரம் யார் யாரெல்லாம் வர்றீங்க? சொல்லுங்க.”

> மாஸ்டர், இரவு 9.12: “ஞாயிறு அடுப்படிய நான் பாத்துக்கிறேன். காலைல ஏழரைக்கு வந்துடுவேன். பதினோரு மணிக்கு மேல முகூர்த்தச் சமையல் இருக்கு, கெளம்பிடுவேன்.”
>
> டீச்சர், 9.20: “புதன் ஸ்கூல் விட்டு வசூலுக்கு வரேன். ஞாயிறும் ஓகே.”
>
> காலேஜ் தம்பி, 9.21: “நானும்.”
>
> அத்தை, 9.40: “சனிக்கிழமை காய் நறுக்க வரேம்ப்பா. மருமகளும் வருவா.”
>
> ஆட்டோ தம்பி, 12.20: “அண்ணே நாளைக்கு சவாரி இருக்கு. ஞாயிறு பாக்கலாம்.”
>
> பூதலூர் மாமா, செவ்வாய் காலை 6.10: “முறைத் தண்ணி வந்துச்சுன்னா வயலுக்குப் போயிடுவேன். இல்லேன்னா சனி, ஞாயிறு ரெண்டு நாளும் வரேன்.”
>
> பாய், 7.30: கட்டைவிரல் படம் மட்டும்.
>
> டெய்லர் அக்கா, 8.00: “ஞாயிறு பொட்டலம் கட்ட வரேன். ஒம்பதுக்கு மேலதான் முடியும். ரெண்டு மணி டவுன் பஸ்ஸ விட்டா கஷ்டம்.”

படித்துப் பார்த்தால் நிறைவாக இருக்கிறது. எட்டுப் பேர் பதில் சொல்லிவிட்டார்கள், மருமகளையும் சேர்த்தால் ஒன்பது. மளிகைக்கடை அண்ணன் நன்றி போட்டுவிட்டுக் கடையைத் திறக்கப் போகலாம். பல குழுக்களில் ஒருங்கிணைப்பு இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்குத்தான் தெரியும், சோறு இருக்கிறது, ஏற்றிப்போக வண்டி இல்லை என்று.

முதலில் வேலை, பிறகு ஆள்

பட்டியல் போட உட்காருபவர்கள் பெரும்பாலும் ஆட்களின் பெயர்களை இடப்பக்கம் வரிசையாக எழுதிவிட்டு, எதிரே நாட்களைப் போடுகிறார்கள். அப்படி எழுதினால் தாளில் வந்தவர்கள் மட்டுமே தெரிவார்கள். வேலையை இடப்பக்கம் எழுத வேண்டும். எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எத்தனை பேர் வேண்டும் என்று உரையாடலைத் திறப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும்.

நம் குழுவுக்கு ஆறு வேலைகள். வசூலுக்கு இருவர்: ஒருவர் பை பிடிக்க, ஒருவர் நோட்டில் எழுத. காய்கறி வாங்கி நறுக்க மூவர். சமையலுக்கு மூவர், சோற்றுத் தேக்சாவை இறக்கிக் கஞ்சி வடிக்க மாஸ்டர் ஒருவரால் முடியாது, இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். பொட்டலம் கட்ட நால்வர். வண்டியில் ஓட்டுபவர் ஒருவர், இறங்கிக் கொடுப்பவர் ஒருவர். பாத்திரம் கழுவ இருவர். கூட்டினால் 16 இடங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நேரங்களைச் சோறுதான் தீர்மானிக்கிறது. வெந்த சோற்றில் ‘பேசிலஸ் சீரியஸ்’ என்ற நுண்ணுயிரின் வித்துகள் கொதியையும் தாங்கி உயிரோடு இருக்கும். சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஆகவே சமைத்த சோறு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுபவர் கைக்குப் போய்விட வேண்டும். அடுப்பிலிருந்து 11 மணிக்கு இறக்கினால் கடைசிப் பொட்டலம் 1 மணிக்குள் கொடுக்கப்பட்டாக வேண்டும். பொட்டலம் 11 முதல் 12 வரை, வண்டி 12 முதல் 1 வரை என்ற நேரங்கள் இப்படி வந்தவை. வண்டி ஒரு மணி நேரம் தாமதமானால், கெட்டுப்போகும் அபாயமுள்ள சோறுதான் போய்ச் சேரும்.

பேச்சை எப்படிப் படிப்பது

இப்போது ஒவ்வொரு பதிலாக எடுத்து மூன்று கேள்வி கேட்க வேண்டும். தன்னைப் பற்றித் தானே சொன்னாரா? எந்த வேலை, எந்த நேரம் என்று தெரிகிறதா? நிபந்தனை ஏதும் இருக்கிறதா? மூன்றுக்கும் தெளிவான விடை இருந்தால் மட்டுமே பெயர் ‘உறுதி’ என்ற கட்டத்துக்குப் போகும்.

மாஸ்டர் தெளிவு, வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் அவரே சொல்லிவிட்டார். டெய்லர் அக்காவும் தெளிவு. அவர் பொட்டலத்துக்கு வருவார், பாத்திரம் கழுவ நிற்கச் சொல்லக் கூடாது. பஸ்ஸை விட்டுவிட்டால் அடுத்த வாரம் அவர் வரவே யோசிப்பார். டீச்சர் புதன்கிழமைக்கு உறுதி. ‘ஞாயிறும் ஓகே’ என்பதில் வேலையும் இல்லை, நேரமும் இல்லை. அத்தை சனிக்கிழமைக்கு உறுதி. மருமகளுக்காக அத்தை சொன்ன பதில் மருமகளின் பதில் ஆகாது; அவர் குழுவிலேயே இல்லாமலும் இருக்கலாம்.

காலேஜ் தம்பியின் ‘நானும்’ டீச்சருக்கு ஒரு நிமிடம் பின்னால் வந்தது. புதனுக்கா, ஞாயிறுக்கா, இரண்டுக்குமா? மேலே உள்ள எந்தச் செய்தியைப் பிடித்துப் பதில் போட்டார் என்று பார்க்க வேண்டும். எதையும் பிடிக்காமல் போட்டிருந்தால் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆட்டோ தம்பி நள்ளிரவுக்குப் பின் எழுதியிருக்கிறார். போனில் தேதி செவ்வாய் என்று காட்டுகிறது, அவருக்கு இன்னும் திங்கள் இரவு முடியவில்லை. அவருடைய ‘நாளை’ செவ்வாயா, புதனா என்பது வசூலுக்கு அவரை அழைக்கலாமா என்பதைத் தீர்மானிக்கும். இதைவிட முக்கியமானது ‘ஞாயிறு பாக்கலாம்’. மறுக்க மனமில்லாதவர்கள் சொல்லும் பதில் அது. வண்டிக்கு நம்பியிருப்பது அவரை மட்டுமே என்றால், வண்டி இல்லை என்றே எழுத வேண்டும்.

பாயின் கட்டைவிரல் ‘பார்த்தேன்’ என்று பொருள்படலாம், ‘சரி’ என்றும் பொருள்படலாம், மாமாவின் செய்திக்கு ஆறுதலாகவும் இருக்கலாம். பூதலூர் மாமாவின் பதில்தான் இருப்பதிலேயே நேர்மையானது. தண்ணீர் குறைந்த காலத்தில் வாய்க்காலில் முறை வைத்து விடுகிறார்கள். தன் முறையில் வயலில் நிற்காவிட்டால் தண்ணீர் போய்விடும். அவர் நிபந்தனையைச் சொல்லிவிட்டார். ‘எப்போது தெரியும் மாமா?’ என்று மட்டும் கேட்டு, அந்த நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும். வெள்ளி மாலை தெரியும் என்றால், வெள்ளி மாலை வரை அவர் ‘நிபந்தனை’ கட்டத்தில் இருப்பார்.

இப்படிப் படித்தபின் கிடைக்கும் முதல் பட்டியல் இது:

| நாள், நேரம் | வேலை | தேவை | உறுதி | கேட்க வேண்டியவர் | குறை |
|---|---|---|---|---|---|
| புதன் 5–7 | வசூல் | 2 | டீச்சர் | காலேஜ் தம்பி | 1 |
| சனி 4–6 | காய்கறி | 3 | அத்தை | மருமகள், மாமா | 2 |
| ஞாயிறு 7.30–11 | சமையல் | 3 | மாஸ்டர் | மாமா | 2 |
| ஞாயிறு 11–12 | பொட்டலம் | 4 | டெய்லர் அக்கா | டீச்சர், காலேஜ் தம்பி | 3 |
| ஞாயிறு 12–1 | வண்டி | 2 | – | ஆட்டோ தம்பி, பாய் | 2 |
| ஞாயிறு 1–2.30 | பாத்திரம் | 2 | – | – | 2 |

ஒன்பது பேர் வருவதாகத் தோன்றிய வாரத்தில் 16 இடங்களில் நான்குதான் நிரம்பியிருக்கின்றன. 12 இடங்கள் காலி. பாத்திரம் கழுவ ஒருவரும் வாய் திறக்கவே இல்லை என்பதை உரையாடலைப் பத்து முறை படித்தாலும் கவனித்திருக்க மாட்டோம். யாரும் பேசாத வேலை உரையாடலில் தெரியாது. கட்டம் போட்டால்தான் தெரியும்.

> பெட்டிச் செய்தி: குறையைத் தானாகக் கணக்கிட
>
> கூகுள் ஷீட்ஸில் பட்டியல் வைப்பவர்கள் ‘தேவை’ எண்ணை C வரிசையிலும், உறுதியானவர்களைக் கட்டத்துக்கு ஒருவராக D முதல் G வரையும் எழுதினால், H வரிசையில் இந்த வாய்ப்பாடு போதும்:
>
> ```
> =C2-COUNTA(D2:G2)
> ```
>
> ஒரே கட்டத்தில் இரண்டு பெயரைக் காற்புள்ளி போட்டு எழுதினால் கணக்குத் தவறும். ‘ஒருவேளை’ என்று சொன்னவரை இந்த நான்கு கட்டங்களில் எழுதவே கூடாது. அவரையும் ஆளாக எண்ணிவிடும்.

இரண்டாம் சுற்று

காலியான கட்டத்தைப் பார்த்ததும் கை சும்மா இருக்காது. ‘டீச்சர் ஞாயிறு வருவார், பொட்டலத்தில் போட்டுவிடலாம்’ என்று தோன்றும். அப்படி ஊகித்து நிரப்பிய பட்டியல் நிறைவாகத் தெரிவதால், காலிப் பட்டியலைவிட ஆபத்தானது. அதை நம்பி அரிசி வாங்கிவிடுவார்கள். ஊகத்தின் இடத்தில் கேள்வி போக வேண்டும், அதுவும் ஆமாம், இல்லை என்று பதில் வரும்படி: ‘டீச்சர், ஞாயிறு 11 முதல் 12 வரை பொட்டலம் கட்ட உங்க பேரைப் போடட்டுமா?’ குழுவில் பொதுவாகக் கேட்காமல் தனியாகக் கேட்பது நல்லது. பலர் முன்னால் ‘முடியாது’ என்று சொல்ல நம் ஊரில் எல்லோரும் தயங்குவார்கள். தயக்கத்தில் வந்த ‘சரி’ ஞாயிறு காலையில் உடையும்.

நம் மாதிரிக் குழுவில் செவ்வாய், புதனில் பதில்கள் தெளிவாகின்றன. காலேஜ் தம்பி புதனும் வருகிறார், ஞாயிறு பொட்டலத்துக்கும் வருகிறார், வண்டியில் ஏறிக் கொடுக்கவும் தயார். டீச்சர் பொட்டலத்துக்குச் சரி. மருமகளிடமே போனில் பேசினால், சனி மாலை பிள்ளைக்கு டியூஷன், வர முடியாது. ஞாயிறு காலை முதல் 12 வரை சமையலிலும் பொட்டலத்திலும் நிற்கிறேன் என்கிறார். அத்தை சொன்னதை அப்படியே எழுதியிருந்தால் சனிக்கிழமை ஒரு பொய்யான பெயர் இருந்திருக்கும், ஞாயிற்றுக்கிழமை ஒரு நல்ல ஆளை இழந்திருப்போம். பாயின் கட்டைவிரலுக்குப் பொருள் ‘பார்த்தேன்’ மட்டுமே. ஆனால் கேட்டதும், தன் சுமை வண்டியை 12 மணிக்குக் கொண்டுவருவதாகச் சொல்கிறார். ஆட்டோ தம்பி மாற்று ஆளாக இருக்கச் சம்மதிக்கிறார்.

வெள்ளி மாலை மாமாவிடமிருந்து செய்தி: தண்ணீர் வந்துவிட்டது. இப்போது சனிக்கிழமைக்கு அத்தை மட்டும்தான். 100 பேருக்குச் சாம்பார் சாதக் காய் நறுக்க ஒருவர் போதாது. ஆளைத் தேடி ஓடுவதற்கு முன் மாஸ்டரைக் கேட்பதே அனுபவமுள்ள குழுக்களின் வழி. அவர் சொல்கிறார்: “அப்ப புளியோதரை போட்டுருவோம். காய் நறுக்குற வேலையே இல்ல. அத்தை சனிக்கிழமையே புளிக்காய்ச்சல் காய்ச்சி வச்சிட்டாங்கன்னா, ஞாயிறு 12 கிலோ அரிசிய வடிச்சுக் கெளறிக் குடுத்துடலாம்.” மூவர் வேலை இருவர் வேலையாகிறது. அண்ணனே புளியும் எண்ணெயும் கொண்டுபோய் அத்தைக்கு உதவிக்கு நிற்கிறார். ஞாயிறு சமையலிலும் பாத்திரத்திலும் காலியான இடங்களுக்குத் தன் பெயரையே போடுகிறார். புளிப்பு இருப்பதால் சோறு சற்றுத் தாங்கும் என்பதற்காக இரண்டு மணி நேரக் கணக்கைத் தளர்த்தக் கூடாது.

| நாள், நேரம் | வேலை | தேவை | உறுதி | மாற்று | குறை |
|---|---|---|---|---|---|
| புதன் 5–7 | வசூல் | 2 | டீச்சர், காலேஜ் தம்பி | – | 0 |
| சனி 4–6 | புளிக்காய்ச்சல் | 2 | அத்தை, அண்ணன் | – | 0 |
| ஞாயிறு 7.30–11 | சமையல் | 3 | மாஸ்டர், மருமகள், அண்ணன் | – | 0 |
| ஞாயிறு 11–12 | பொட்டலம் | 4 | டெய்லர் அக்கா, டீச்சர், காலேஜ் தம்பி, மருமகள் | – | 0 |
| ஞாயிறு 12–1 | வண்டி | 2 | பாய், காலேஜ் தம்பி | ஆட்டோ தம்பி | 0 |
| ஞாயிறு 1–2.30 | பாத்திரம் | 2 | அண்ணன் | – | 1 |

ஒரு கட்டம் இன்னும் காலி. அதை மறைக்காமல் அப்படியே குழுவில் போட வேண்டும், கெடுவும் சேர்த்து: சனி மதியத்துக்குள் ஆள் கிடைக்காவிட்டால் கூலி கொடுத்து ஒருவரை வைக்கிறோம். இந்தக் கெடு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். கடைசிவரை நிற்கும் பெண்களில் யாராவது ஒருவர் புடவையைச் சொருகிக்கொண்டு அண்டாவின் முன் உட்காருவார். அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது.

பட்டியல் சொல்லும் ஆபத்துகள்

எண்கள் நிரம்பியபின் பட்டியலை மேலிருந்து கீழாக ஒரு முறை படிக்க வேண்டும். இப்போது தேடுவது ஆளை அல்ல, கைமாறும் இடங்களை.

மாஸ்டர் 11 மணிக்குக் கிளம்புகிறார், பொட்டலம் 11 மணிக்குத் தொடங்குகிறது. காஸ் தீர்ந்து பத்து நிமிடம் தாமதமானாலும், உப்புப் பார்த்து முடிவு சொல்லும் ஆள் போய்விடுவார். ஆகவே சோறு 10.45க்கே இறங்க வேண்டும், அதற்கேற்ப கடைசிப் பொட்டலம் 12.45க்குள் போக வேண்டும் என்று நேரத்தை நகர்த்துவது நல்லது. காலேஜ் தம்பியின் பெயர் மூன்று வரிகளில் வருகிறது. நேரங்கள் ஒன்றோடொன்று மோதவில்லை, ஆனால் அவருக்குக் காய்ச்சல் வந்தால் மூன்று இடம் ஒரே நேரத்தில் காலியாகும். அண்ணனும் மூன்று வரிகளில் இருக்கிறார். பட்டியல் போடுபவர் தன் பெயரால் ஓட்டைகளை அடைத்துக்கொண்டே போனால், குழு பெரிதாகத் தெரிந்தும் உண்மையில் ஒருவர் தோளில் நிற்கும். இரண்டு வாரம் தொடர்ந்து ஒரே பெயர் மூன்று வரிகளில் வந்தால், புது ஆள் சேர்க்க வேண்டும் அல்லது வேலையைக் குறைக்க வேண்டும் என்று அர்த்தம்.

மாற்று ஆள் எல்லா வரிக்கும் கிடைக்க மாட்டார். எந்த வரி அறுந்தால் எல்லாமே நிற்குமோ, அந்த வரிக்குத் தேடிப் பிடிக்க வேண்டும். இங்கே அவை இரண்டு: மாஸ்டரும் வண்டியும். வண்டிக்கு மாற்று இருக்கிறது. மாஸ்டருக்கு இல்லை என்பதை இந்தப் பட்டியல் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

> பெட்டிச் செய்தி: எந்தப் பருவத்தில் யார் கிடைப்பார்?
>
> காவிரிப் படுகையில் ஆட்கள் கிடைப்பது நெல்லைப் பொறுத்தது. ஜூன் 12இல் மேட்டூர் அணை திறப்பது வழக்கம். தண்ணீர் வந்து நாற்றுவிடும்போதும் நடவின்போதும் விவசாயக் குடும்பங்களை எதிர்பார்க்கக் கூடாது. சம்பா, தாளடி அறுவடைக் காலத்தில், தை, மாசி மாதங்களில், நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டுக் காவல் இருப்பவரின் நாள் அவர் கையில் இல்லை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் சமையல் மாஸ்டர்களும் வண்டி ஓட்டுபவர்களும் எளிதில் கிடைப்பார்கள். தை பிறந்ததும் முகூர்த்த நாள் பார்த்துத்தான் அவர்களைக் கேட்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் உணவின் தேவை மிகும், டவுன் பஸ்ஸை நம்பி வருபவர்கள் குறைவார்கள்.

புயலில் போன் வேலை செய்யாது

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கமெல்லாம் தென்னைகள் சாய்ந்தன. மின்கம்பங்கள் பல்லாயிரக்கணக்கில் விழுந்தன. பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. செல்போன் கோபுரங்கள் நின்றுபோயின. போனுக்குச் சார்ஜ் போடவும் ஜெனரேட்டர் தேட வேண்டியிருந்தது. வெளியூர்களிலிருந்து நிவாரணம் ஏற்றி வந்த வண்டிகள் சாலையை ஒட்டிய ஊர்களிலேயே நின்றுவிட, உள்கிராமங்கள் தங்களுக்கு வரவில்லை என்று முறையிட்டன. 2004இல் பார்த்தது 14 ஆண்டுகளில் மீண்டும் நடந்தது.

அந்த மாதிரி நாளில் வாட்ஸப் குழு உதவாது. பட்டியல் உதவும், அது தாளில் இருந்தால். ஒவ்வொரு வாரமும் பட்டியலைப் பெரிய எழுத்தில் எழுதிச் சமைக்கும் இடத்துச் சுவரில் ஒட்டும் பழக்கம் அதற்காகத்தான். போன் இல்லாதவர்களுக்கும் அது தெரியும். அதில் போன் எண்கள் வேண்டாம். அவை ஒருங்கிணைப்பவரின் நோட்டில் இருந்தால் போதும். ‘மருமகளுக்கு டியூஷன்’, ‘மாமாவுக்கு உடம்பு முடியவில்லை’ போன்ற காரணங்களும் பட்டியலுக்கு வர வேண்டியதில்லை. அவர் கிடைப்பாரா, மாட்டாரா என்பது மட்டும் போதும்.

> பெட்டிச் செய்தி: நள்ளிரவு மணி
>
> தஞ்சை மராத்தியர் கட்டிய சத்திரங்களில் ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் புகழ்பெற்றது. அரசர் இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதத்தில் சத்திரங்களின் நடைமுறையை விவரிக்கிறார். வழிப்போக்கர்களுக்குச் சாதி பாராமல் சோறு. சமைத்ததை உண்ணாதவர்களுக்கு அரிசியாகவே. நள்ளிரவு வரை இது நடக்கும். பிறகு மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாரேனும் இருந்தால் வரலாம் என்று அறிவிப்பார்கள். எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பதோடு நிற்காமல், யார் விடுபட்டார்கள் என்று கேட்பதும் அன்றாட வேலையின் பகுதியாக இருந்தது.

அடுத்த வாரம் கேள்வியை மாற்றுங்கள்

இந்த உழைப்பில் பாதி, திங்கட்கிழமை கேட்ட கேள்வியால் வந்தது. ‘யார் யாரெல்லாம் வர்றீங்க?’ என்றால் ‘நானும்’ என்றுதான் பதில் வரும். அடுத்த வாரம் அண்ணன் காலிப் பட்டியலை முதலில் போட்டு, ஆறு வேலைகளுக்கும் எண் கொடுத்து, ‘எந்த எண், எத்தனை மணி வரை?’ என்று கேட்டால் பதில்கள் பாதி தெளிவாகவே வரும். வாட்ஸப்பின் வாக்கெடுப்பு வசதியில் ஆறு வேலைகளையும் ஆறு தெரிவுகளாகப் போடலாம். யார் எதைத் தொட்டார் என்று பெயரோடு தெரியும். அதில் ‘தண்ணி வந்தா மாட்டேன்’ என்று எழுத இடமில்லை. வயதானவர்கள் பலர் அதைத் தொடவும் மாட்டார்கள். ஆகவே வாக்கெடுப்பு முடிந்த பின்னும் நாலைந்து போன் பேச வேண்டியிருக்கும்.

ஞாயிறு மாலை பட்டியலில் இன்னொரு வரிசை சேர்க்க வேண்டும்: வந்தார், வரவில்லை, தாமதம். யாரையும் குறைசொல்ல அல்ல. ஒருவர் மூன்று வாரம் சனிக்கிழமை சொல்லி மூன்று வாரமும் வரவில்லை என்றால், அவர் விருப்பம் உண்மை, சனிக்கிழமைதான் ஒத்துவரவில்லை. அவரைப் புதன்கிழமைக்குக் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் சனி மதியம் 12 மணிக்கு ஒரு முடிவு எடுக்க வேண்டும். அப்போது பட்டியலைப் பார்த்து அண்ணனும் மாஸ்டரும் தீர்மானிக்க வேண்டியவை மூன்று. பாத்திரக் கட்டம் காலியா? கூலிக்கு ஆள் வையுங்கள். பொட்டலத்தில் நால்வருக்குப் பதில் இருவரா? 100 பேருக்குப் பதில் 50 பேருக்கு அரிசி அளந்து போடுங்கள். மீதி 50 பேரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வண்டிக் கட்டமும் அதன் மாற்றும் காலியா? அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். புதன்கிழமை சேர்த்த அரிசியையும் பருப்பையும் சமைக்காமல் பொட்டலம் போட்டு, சனி மாலையே நடந்து போகும் தூரத்து வீடுகளில் கொடுத்துவிடுங்கள். தூரத்துக் குடியிருப்புக்கு எந்த நாள் வருவோம் என்பதை அடுத்த வாரப் பட்டியலின் முதல் வரியில் எழுதுங்கள். அரிசி ஒரு வாரம் காத்திருக்கும். வெந்த சோறு இரண்டு மணி நேரம்தான் காத்திருக்கும்.